சிக்கரி கலந்த பொடிக்கு மாறியும் அப்பாவுக்குத் தூக்கம் வரவில்லை. கணக்கு எங்கே தவறியது?

வேப்பமரத்தடி (திருச்சி)

அப்பாவுக்கு 71 வயது. பல வருடங்களாக ஒரே கடையில் வாங்கிய பிளாண்டேஷன் பிபரி, சிக்கரி கலக்காத சுத்தப் பொடி. காலை ஆறு மணிக்கு ஒரு டம்ளர், மாலை நாலரைக்கு ஒரு டம்ளர். இரவு ஒரு மணி வரை புரண்டுகொண்டே இருக்கிறார் என்று மருத்துவரிடம் அழைத்துப் போனேன். காஃபினைக் குறையுங்கள் என்றார். காபியை நிறுத்தச் சொல்லாமல் விட்டாரே என்று அப்பாவுக்கு அவர் மேல் தனி மரியாதை.

சிக்கரியில் காஃபின் கிடையாது என்று எங்கோ படித்திருந்தேன். எனவே காபி 60, சிக்கரி 40 என்று அச்சிட்ட பாக்கெட் ஒன்று வாங்கினேன். மூன்று வாரம் ஆகிறது. தூக்கத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அதைவிட வேடிக்கை, "இப்போதுதான் காபி காபி மாதிரி இருக்கிறது, ஏன் இத்தனை நாள் இதை வாங்கவில்லை?" என்று கேட்கிறார்.

அளவு அன்றும் இன்றும் ஒன்றுதான். பில்டரில் 30 கிராம் பொடி, 200 மில்லி வெந்நீர். அந்த டிகாக்ஷன் மூன்று டம்ளருக்கு வரும். அப்பாவுக்கு இரண்டு, அம்மாவுக்கு ஒன்று. சிக்கரி உண்மையில் எதைக் குறைக்கிறது, எதைக் குறைப்பதில்லை? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

காவிரிக்கரை

இதில் குழப்பமே இல்லை. சிக்கரி என்பது ஒரு செடியின் வேர். வறுத்து அரைத்தால் காபி நிறம் வருமே தவிர, காஃபின் துளியும் இருக்காது. நூற்றில் நாற்பது சிக்கரி என்றால் காஃபின் நாற்பது சதவீதம் குறைந்துவிட்டது. அப்பாவின் தூக்கத்துக்குக் காரணம் வேறாக இருக்கும். இரவில் தொலைக்காட்சி எத்தனை மணி வரை பார்க்கிறார்?

மாடிப்படி

சிக்கரி கலப்பதே கலப்படம். பால்காரர் தண்ணீர் ஊற்றினால் சண்டைக்குப் போகிறோம், காபிக் கடைக்காரர் வேரை அரைத்துப் போட்டால் காசு கொடுத்து வாங்குகிறோம். எங்கள் தாத்தா காலத்தில் கொட்டையை வாங்கி வீட்டிலேயே வறுத்து, கை அரவை இயந்திரத்தில் அரைத்தார்கள். அந்த மணம் தெருக்கோடி வரை வரும். உங்கள் அப்பா சிக்கரியைப் புகழ்கிறார் என்றால், நாற்பது வருடம் நல்ல காபி குடித்த நாக்கு கெட்டுவிட்டது என்று பொருள்.

வேப்பமரத்தடி

மாடிப்படி, இதை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். உங்கள் முகவரி கேட்கிறார்.

அரவைக்காரன் (கும்பகோணம்)

நான் வறுத்து அரைத்துக் கொடுக்கும் கடையில் இருபத்தெட்டு வருடம் நின்றவன். காவிரிக்கரை சொன்னதில் பாதி சரி. சிக்கரியில் காஃபின் இல்லை என்பது உண்மை. நாற்பது சதவீதம் குறைந்துவிட்டது என்பதுதான் தவறு. மீதி அறுபது எந்தக் கொட்டை என்று யாருமே கேட்கவில்லை பாருங்கள்.

முதலில் அப்பாவின் பழைய பொடி. பிளாண்டேஷன் என்று நம் வியாபாரத்தில் சொன்னால் அது கழுவிப் பதப்படுத்திய அராபிகா. பிபரி என்பது பழத்துக்குள் இரண்டு பருப்புக்குப் பதிலாக ஒன்றே உருண்டையாக விளைவது. அது வடிவத்தின் பெயர், சாதியின் பெயர் இல்லை. ரொபஸ்டாவிலும் பிபரி உண்டு. பிபரி என்றாலே உயர்ந்த அராபிகா என்று நினைத்துக் கூடுதல் விலை கொடுத்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். உங்கள் அப்பாவின் பொடியில் பிளாண்டேஷன் என்ற சொல் சேர்ந்திருப்பதால் அராபிகா என்றே எடுத்துக்கொள்ளலாம்.

அராபிகாவில் காஃபின் சுமார் 1.2 சதவீதம். ரொபஸ்டாவில் சுமார் 2.2, கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. இனி உங்கள் பில்டருக்கு வருவோம்.

பழைய பொடி 30 கிராமும் அராபிகா. அதில் காஃபின் 360 மில்லிகிராம்.

புதிய பொடி 30 கிராமில் சிக்கரி 12 போக காபி 18 கிராம். அது அராபிகாவாக இருந்தால் 216 மில்லிகிராம்தான், நீங்கள் நினைத்தது சரி. ஆனால் அந்த 18 கிராமும் ரொபஸ்டாவாக இருந்தால் 396. சிக்கரி நாற்பது சதவீதம் போட்ட பிறகும் பழையதைவிட அதிகம்!

பொடியில் உள்ளதெல்லாம் டிகாக்ஷனில் இறங்கிவிடாது, கொஞ்சம் சக்கையில் தங்கும். இரண்டு பொடிக்கும் அது பொது என்பதால் ஒப்பிடுவதற்கு இந்தக் கணக்கு போதும். பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள், என்ன கொட்டை என்று போட்டிருக்கிறதா?

வேப்பமரத்தடி

"காபி 60%, சிக்கரி 40%" என்று மட்டும்தான் இருக்கிறது. கொட்டையைப் பற்றி ஒரு சொல் இல்லை. வாங்கிய கடையில் கேட்டேன். தயங்கித் தயங்கி, "ரொபஸ்டா செரி சார், அதில்தான் திடம் நிற்கும்" என்றார்கள்.

இந்தத் திருப்பத்தை நான் எதிர்பார்க்கவே இல்லை.

காவிரிக்கரை

ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு சந்தேகம். ரொபஸ்டாவால்தான் திடம் என்றால் சிக்கரி எதற்கு? அப்பா "காபி மாதிரி இருக்கிறது" என்றது எதைப் பார்த்து?

அரவைக்காரன்

நல்ல கேள்வி. அவர் திடம் என்று உணர்ந்ததில் பெரும்பங்கு சிக்கரியுடையது.

வறுத்த காபிப் பொடியை வெந்நீரில் எவ்வளவு ஊறவைத்தாலும் அதன் எடையில் கால் பங்கு, மிஞ்சினால் மூன்றில் ஒரு பங்குதான் கரையும். வறுத்த சிக்கரியில் பாதிக்கு மேல் கரைந்துவிடும். வேரில் இனுலின் என்ற ஒரு மாவுச்சத்து நிறைய இருக்கிறது. வறுக்கும்போது அதில் ஒரு பகுதி சிதைந்து சர்க்கரையாகி, அந்தச் சர்க்கரை கருகி வெல்லப்பாகு நிறத்துக்கு வருகிறது. டிகாக்ஷனுக்குக் கறுப்பும் கனமும் பின்நாக்கில் ஒரு கசப்பு கலந்த தித்திப்பும் அதிலிருந்து வருகின்றன. அராபிகாவுக்கே உரிய புளிப்பையும் அது அமுக்கிவிடும்.

பில்டரில் இன்னொன்றும் நடக்கிறது. சிக்கரித் தூள் தண்ணீர் பட்டதும் ஊறி உப்பும். பொடிக்கு நடுவே இருக்கும் இடுக்குகள் அடைபட்டுத் தண்ணீர் மெதுவாக இறங்கும். சுத்தப் பொடியில் சீக்கிரம் இறங்கிவிடுவது, கலவையில் சொட்டுச் சொட்டாக வெகு நேரம் எடுத்துக்கொள்ளும். கள்ளிச்சொட்டாக டிகாக்ஷன் என்று எங்கள் ஊர்ப்பக்கம் சொல்வார்களே, அதற்குச் சிக்கரியின் உபயம் உண்டு. அளவு மீறினாலோ, சிக்கரியை மாவு மாதிரி அரைத்துவிட்டாலோ டிகாக்ஷன் இறங்கவே இறங்காது. காலை ஐந்தரைக்கு மேல் பாத்திரத்தைத் தட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். மேலே வைக்கும் குடைத்தட்டை ஓங்கி அமுக்குவதும் இதே வினையைத் தரும்.

பாலில் கலக்கும்போதுதான் இதன் அருமை தெரியும். ஒரு டம்ளரில் முக்கால் பங்கு பால். மெல்லிய அராபிகா டிகாக்ஷன் அதில் காணாமல் போய்விடும், நிறமும் வெளிறும். சிக்கரி சேர்ந்தால் அதே நாற்பது மில்லியில் நிறமும் கனமும் நிற்கும். உங்கள் அப்பாவின் கண்ணும் நாக்கும் "திடம்" என்று சொன்னது இதை. மூளைக்கு ஏறும் காஃபினுக்கும் இந்தத் திடத்துக்கும் சம்பந்தம் இல்லை.

மாடிப்படி ஐயாவுக்கு ஒரு சொல். மணத்தைப் பற்றி நீங்கள் சொன்னது சரி, சிக்கரிக்குக் காபி மணம் கிடையாது. அதிகம் போட்டால் மணம் மங்கும். பழைய பொடியின் குறையை மறைக்கவும் சிலர் அதைப் பயன்படுத்துகிறார்கள். சொல்லிவிட்டுக் கலந்தால் கலவை, சொல்லாமல் கலந்தால் கலப்படம், என்னைப் பொறுத்தவரை அவ்வளவுதான். நம் உணவு விதியும் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, விகிதத்தைப் பாக்கெட்டில் அச்சிட வேண்டும் என்கிறது.

யாழ்க்கோப்பி (யாழ்ப்பாணம்)

எங்கட பக்கம் கோப்பிக் கொட்டையோடு மல்லியும் சேர்த்து வறுத்து இடிப்பார்கள், சில வீடுகளில் வேர்க்கொம்பும் சேரும். அதற்கும் நித்திரை குறைவதில்லை. ஐயாவுக்கு அதைக் கொடுத்துப் பார்க்கலாமே?

வேப்பமரத்தடி

நன்றி. கேள்வி சிக்கரியைப் பற்றியது, ஆனாலும் குறித்துக்கொண்டேன். மல்லி சேர்ந்த அளவுக்குக் கோப்பி குறைவதால் நித்திரை கெடாமல் இருக்கலாம். அங்கேயும் மீதி எந்தக் கொட்டை என்று கேட்க வேண்டும் போலிருக்கிறது!

நெல்லைச்சீமை

என் அனுபவத்தையும் சொல்கிறேன். எல்லாரும் "சிக்கரி வயிற்றுக்கு நல்லது, நார்ச்சத்து" என்றார்கள். எனக்கு 60:40 குடித்தால் ஒரு மணி நேரத்தில் வயிறு உப்பிக்கொள்ளும். எங்கள் ஊர்க் கடை ஒன்றில் சுத்தப் பொடி என்று சொல்லிக் கொடுத்ததைக் குடித்தபோதும் அதே தொல்லை. சண்டை போட்டேன். கலக்கவே இல்லை என்று சத்தியம் செய்தார்கள். இதைக் கண்டுபிடிக்க வழி உண்டா? வாயு வருவது சிக்கரியாலா, பாலாலா?

தெற்குவாசல் (மதுரை)

உணவுப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். வீட்டிலேயே பார்க்கலாம். கண்ணாடி டம்ளரில் குளிர்ந்த தண்ணீர் எடுத்து அசையாமல் வையுங்கள். மேலே ஒரு சிட்டிகை பொடியைத் தூவுங்கள், கலக்காதீர்கள். காபிப் பொடியில் எண்ணெய்ப் பசை இருப்பதால் மிதக்கும். சிக்கரித் தூள் சில நொடிகளில் மூழ்கத் தொடங்கும், மூழ்கும்போது பழுப்பு நூல் மாதிரி நிறம் இழுத்துக்கொண்டே இறங்கும். வெந்நீரில் செய்தால் காபியும் சீக்கிரம் இறங்கிக் குழப்பும்.

இந்தச் சோதனை சிக்கரி உண்டா இல்லையா என்று மட்டும் சொல்லும். இருபதா நாற்பதா என்று சொல்லாது. அராபிகாவா ரொபஸ்டாவா என்பதையும் காட்டாது.

வயிற்றைப் பற்றி. இனுலின் நம் சிறுகுடலில் செரிக்காது, பெருங்குடலுக்குப் போய் அங்குள்ள கிருமிகளுக்கு உணவாகும். அதனால்தான் நார்ச்சத்து என்ற பெயர், அதனால்தான் வாயுவும். ஆனால் அளவைப் பாருங்கள். ஐரோப்பாவில் சிக்கரி இனுலின் மலச்சிக்கலுக்கு உதவும் என்று சொல்ல அனுமதித்திருப்பது தினம் 12 கிராம் எடுத்துக்கொண்டால்தான். 60:40 பொடியில் ஒரு டம்ளருக்குச் சேரும் சிக்கரியே நான்கு கிராம். வறுத்ததில் அதன் இனுலினில் ஒரு பகுதி போய்விட்டது. மிஞ்சியதை நம்பி மலச்சிக்கல் தீரும் என்று குடிக்க முடியாது. அதே சமயம், குடல் எளிதில் எரிச்சலடையும் சிலருக்கு அந்தச் சிறிய அளவே உப்புசம் தரக்கூடும்.

உங்களுக்கு எதனால் என்று தெரிய, மூன்று நாள் பால் இல்லாமல் கறுப்பாகச் சிக்கரிக் காபி, பிறகு மூன்று நாள் பாலுடன் சுத்தக் காபி குடித்துப் பாருங்கள். சுத்தப் பொடியிலும் வாயு வந்தது என்கிறீர்களே, எனக்குப் பால் மேல்தான் சந்தேகம். கடைக்காரர் பாவம், உண்மையே சொல்லியிருக்கலாம்.

சாமந்திக் குடும்பச் செடி இது. அந்த வகைப் பூந்தாதுவுக்கு ஒவ்வாமை உள்ளவர்கள் மட்டும் கவனமாக இருக்க வேண்டும். வாய் அரிப்பு, தடிப்பு வந்தால் விட்டுவிடுங்கள்.

மாடிப்படி

அது சரி, வறுத்த சிக்கரியில் அக்ரிலமைடு என்ற நச்சு காபியைவிட அதிகம் என்கிறார்களே, அதை ஏன் ஒருவரும் பேசவில்லை?

தெற்குவாசல்

அதிகம்தான். ஐரோப்பிய விதியில் வறுத்த காபிக்குக் கிலோவுக்கு 400 மைக்ரோகிராம், சிக்கரி மட்டும் உள்ள பொடிக்கு 4000 என்று இலக்கு அளவு வைத்திருக்கிறார்கள். பத்து மடங்கு. ஆனால் மாவுச்சத்துள்ள எதைச் சுட்டாலும் பொரித்தாலும் இது உண்டாகும். முறுக்கிலும் உருளைக்கிழங்கு வறுவலிலும் உண்டு. உணவு வழியாக வரும் அளவு மனிதர்களுக்கு எவ்வளவு கெடுதல் என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் ஒருமித்த முடிவு இல்லை. நான் 80:20 குடிக்கிறேன், அதைக் கூட்ட மாட்டேன், பயந்து விடவும் மாட்டேன்.

மாடிப்படி

முறுக்கை இழுக்காமல் பதில் சொல்லத் தெரியாதா? இரண்டு தவறு சேர்ந்தால் ஒரு சரி ஆகிவிடுமா?

காவிரிக்கரை

டிகிரி காபி என்ற பெயரே சிக்கரி திரிந்து வந்தது என்று ஒரு கதை உண்டு, தெரியுமா? சிக்கரி, டிக்கிரி, டிகிரி!

அரவைக்காரன்

எங்கள் ஊரில் அதைச் சொன்னால் அடிக்க வருவார்கள். பாலின் தரத்தை மானி வைத்து டிகிரி பார்த்ததால் வந்த பெயர் என்பது இங்குள்ள கட்சி. எது சரி என்று சத்தியம் செய்ய நான் தயாரில்லை.

வேப்பமரத்தடிக்கு வருகிறேன். உங்கள் கதையில் தூக்கத்துக்குக் கெடுதல் செய்தது இரண்டு. ஒன்று ரொபஸ்டா. இன்னொன்று நாலரை மணி. குடித்த காஃபினில் பாதி உடம்பை விட்டுப் போகவே பெரும்பாலானவர்களுக்கு சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். நாலரைக்குக் குடித்ததில் பாதி இரவு ஒன்பதரைக்கும் உள்ளேயே இருக்கும். இதற்குச் சிக்கரி ஒன்றும் செய்ய முடியாது.

நான் செய்யச் சொல்வது இது. பாக்கெட்டை விட்டுவிட்டு வறுத்து அரைக்கும் கடைக்குப் போங்கள். அரைக்கும் முன் கொட்டையைக் கையில் வாங்கிப் பாருங்கள். அராபிகா நீள்வட்டமாக, நடுக்கோடு கொஞ்சம் வளைந்து நெளிந்து இருக்கும். ரொபஸ்டா உருண்டு குட்டையாக, கோடு நேராக இருக்கும். பிபரியில் இந்த அடையாளம் பிடிபடாது, அதனால் தட்டைக் கொட்டையாக பிளாண்டேஷன் ஏ கேளுங்கள். அதில் சிக்கரி முப்பது. நூறு கிராமுக்கு மேல் வாங்காதீர்கள். சிக்கரி காற்றின் ஈரத்தை இழுத்துக் கட்டி தட்டும், ஈரக் கரண்டி பட்டால் போச்சு.

அப்போது 30 கிராமில் காபி 21 கிராம், காஃபின் சுமார் 250 மில்லிகிராம். டம்ளருக்கு எண்பத்து நாலு. இப்போது அவர் குடிப்பதில் டம்ளருக்கு நூற்று முப்பது. நிறமும் கனமும் குறையாததால் அவருக்கு வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. மாலைக் காபியை மட்டும் இரண்டு மணிக்கு முன்னால் கொண்டுவரப் பாருங்கள்.

காவிரிக்கரை

மாலைக்கு முழுச் சிக்கரியே போட்டுக் கொடுத்தால்? காஃபின் பூஜ்யம்.

அரவைக்காரன்

கொடுக்கலாம். அவர் குடிக்க வேண்டுமே!

வேப்பமரத்தடி (பன்னிரண்டு நாள் கழித்து)

நடந்ததைச் சொல்கிறேன். கடையில் கொட்டையை உள்ளங்கையில் வைத்துக் கோட்டைப் பார்த்தேன். கடைக்காரர் என்னை ஏதோ அதிகாரி என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது, நாற்காலி போட்டார். பிளாண்டேஷன் ஏ எழுபது, சிக்கரி முப்பது. அப்பா முதல் நாள் ஒரு வாய் குடித்துவிட்டு, "கொஞ்சம் மணம் வந்திருக்கிறது" என்றதோடு சரி.

காவிரிக்கரை சொன்ன முழுச் சிக்கரியையும் ஒரு மாலை கொடுத்துப் பார்த்தேன். டவராவில் ஆற்றி, முகர்ந்து பார்த்து, "யாருக்கு உடம்பு சரியில்லை, கஷாயம் போட்டிருக்கிறாய்?" என்று திருப்பி வைத்துவிட்டார்.

மாலைக் காபியை ஒன்றே முக்காலுக்குக் கொண்டுவர நான்கு நாள் பிடித்தது. இந்த வாரம் பதினொன்றரை, பதினொன்றே முக்காலுக்குத் தூங்கிவிடுகிறார். பொடியாலா நேரத்தாலா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை, இரண்டையும் ஒன்றாக மாற்றிவிட்டேன்.

தெற்குவாசல் சொன்ன தண்ணீர்ச் சோதனை அப்பாவுக்கு மிகவும் பிடித்துவிட்டது. மூன்று கண்ணாடி டம்ளர்களில் பழைய பிபரி, பாக்கெட், புதுப் பொடி மூன்றையும் வரிசையாகத் தூவி வைத்தார். பிபரியில் அப்படியே மிதந்தது. மற்ற இரண்டிலும் பழுப்பு நூல் இறங்கியது. பக்கத்து வீட்டாரைக் கூப்பிட்டுக் காட்டினார். அவர்கள் சுத்தப் பொடி என்று வாங்கி வைத்திருந்ததை எடுத்து வந்து தூவினார்கள். அதிலும் நூல் இறங்கியது. இப்போது அந்த வீட்டில் சண்டை.

நெல்லைச்சீமை

எனக்குப் பால்தான் காரணம். கடைக்காரரிடம் போய் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.